நிலக்கடலைப் பாத்தி எண்களை விரிதாளில் சோதிப்பது: டி சோதனையும் ரெக்ரஷனும் முதன்முறை செய்வோருக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையும் எருத்தேம்பதியும் சேர்ந்த பகுதியில், எட்டு விவசாயிகளின் தோட்டங்களில், தோட்டத்துக்கு இரண்டு நிலக்கடலைப் பாத்தி எடுத்து, ஒன்றில் ஜிப்சம் இட்டும் மற்றதில் இடாமலும் பார்த்ததே என் பட்ட மேற்படிப்பின் திட்டப்பணி. அறுவடை முடிந்து எண்களை விரிதாளில் ஏற்றி டி சோதனை செய்தபோது பி மதிப்பு 0.30 என வந்தது. ஜிப்சத்தால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று எழுதி, இரண்டு படிகள் அச்சிட்டு ஸ்பைரலும் போட்டுவிட்டேன். பிறகு அதே எண்களுக்குச் சரியான சோதனையைச் செய்தபோது 0.0015 வந்தது. எண்களில் ஒன்றுகூட மாறவில்லை; வாய்ப்பாட்டின் கடைசி இலக்கம் மட்டும் 2 என்பதிலிருந்து 1 ஆக மாறியது.

அந்த ஓர் இலக்கத்தை எப்படித் தேர்வது என்பதையும், அதையடுத்து ரெக்ரஷனை எப்படிச் செய்வது, எதுவரை நம்புவது என்பதையும் என் எண்களையே வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன். புள்ளியியல் ஒரே ஒரு தாள் மட்டும் படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

## 1. விரிதாளைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தாள்கள் வேண்டும். முதலாவது, எந்தப் பாத்தி எங்கே இருந்தது என்று காட்டும் கைவரைபடம். இரண்டாவது, ஜிப்சம் இட்ட நாளும் அளவும் எழுதிய குறிப்பு. நான் ஹெக்டேருக்கு 400 கிலோ என்ற கணக்கில், 5 மீட்டருக்கு 4 மீட்டர் பாத்தி ஒன்றுக்கு 800 கிராம், விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் மண் அணைக்கும்போது இட்டேன். மூன்றாவது, எடை எழுதிய தாள். காய்களை வெயிலில் காயவைத்து, அடுத்தடுத்த இரண்டு நாட்கள் எடை குறையாமல் நின்ற பிறகு நிறுத்தது என்பதும், ஒரே தோட்டத்தின் இரண்டு பாத்திக் காய்களையும் ஒரே நாளில் ஒரே தராசில் நிறுத்தோம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வயல் நோட்டில் நான் தமிழில் எழுதினேன்; உடன்வந்த தோழி மலையாளத்தில் எழுதினாள். அவளுடைய கப்பலண்டியும் என்னுடைய கடலைக்காயும் ஒன்றுதான் என்பதில் குழப்பமில்லை, ஆனால் ஒரே விவசாயியின் பெயர் இரண்டு எழுத்தில் இரண்டு விதமாகப் பதிவாகி, ஒரு தோட்டம் இரண்டாகத் தோன்றியது. பெயரை விட்டுவிட்டு, முதல் நாளிலேயே தோட்டத்துக்கு எண் கொடுத்துவிடுங்கள். பரப்பைச் சென்ட்டில் எழுதுவதையும் தவிர்த்துச் சதுர மீட்டரில் எழுதுங்கள். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. லிப்ரே ஆபிஸ் இலவசம். கல்லூரிக் கணினியில் எக்செல் இருந்தால் அதுவும் போதும். எண்களை ஏற்றிச் சரிபார்க்க ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். சோதனைகள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

## 2. ஒரு தோட்டத்துக்கு ஒரு வரிசை

தாளில் ஒரு வரிசை ஒரு தோட்டத்தைக் குறிக்கட்டும். என் தாள் இப்படி இருந்தது. மகசூல் எல்லாம் 20 சதுர மீட்டர் பாத்தியின் உலர்ந்த காய் எடை, கிலோவில். செடி எண்ணிக்கை ஜிப்சம் இடாத பாத்தியில், ஒரு சதுர மீட்டருக்கு.

| A: தோட்டம் | B: ஜிப்சம் இன்றி | C: ஜிப்சத்துடன் | D: வித்தியாசம் | E: செடிகள் |
|---|---|---|---|---|
| 1 | 3.2 | 3.6 | 0.4 | 24 |
| 2 | 4.1 | 4.3 | 0.2 | 26 |
| 3 | 2.7 | 3.2 | 0.5 | 23 |
| 4 | 3.8 | 4.2 | 0.4 | 30 |
| 5 | 4.6 | 4.7 | 0.1 | 31 |
| 6 | 3.0 | 3.5 | 0.5 | 25 |
| 7 | 3.5 | 3.7 | 0.2 | 21 |
| 8 | 3.9 | 4.0 | 0.1 | 28 |

தலைப்பு முதல் வரிசையிலும், எண்கள் 2 முதல் 9 வரையுள்ள வரிசைகளிலும் இருக்கின்றன. D நெடுவரிசையில் `=C2-B2` என்று இட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும்.

கலத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. "3.2 கிலோ" என்று தட்டினால் விரிதாள் அதை எண்ணாகக் கொள்ளாது. பல வாய்ப்பாடுகள் அந்தக் கலத்தை எச்சரிக்கை ஏதுமின்றி ஒதுக்கிவிட்டு மீதியை வைத்து விடை தரும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கீழே இதை இட்டு 8 வருகிறதா என்று பாருங்கள்:

```
=COUNT(B2:B9)
```

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து இடங்களில் மாதிரி எடுத்திருந்தால், எட்டுத் தோட்டத்துக்கும் சேர்த்து நாற்பது வரிசை ஏற்றத் தோன்றும். வரிசை கூடக் கூடப் பி மதிப்பு குறையும் என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். குறையத்தான் செய்யும், ஆனால் அது பொய்யான குறைவு. ஒரே பாத்திக்குள் எடுத்த ஐந்து மாதிரிகளும் ஒரே மண், ஒரே நீர், ஒரே விதையைப் பகிர்ந்தவை. அவை ஐந்து தனிச் சான்றுகள் ஆகா. நீங்கள் ஜிப்சம் இடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்தது பாத்திக்குப் பாத்தி. ஆகவே ஐந்தையும் சராசரி கண்டு, பாத்திக்கு ஒரே எண்ணாக ஏற்றுங்கள். மேலேயுள்ள செடி எண்ணிக்கையும் அப்படித்தான்: பாத்தியில் நான்கு இடங்களில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து எண்ணி, சராசரியை முழு எண்ணாக்கி எழுதியது.

## 3. சோதனையின் வகையை வயலில் தேர்வு செய்யுங்கள்

விரிதாளில் டி சோதனைக்கான வாய்ப்பாடு இது:

```
=T.TEST(B2:B9,C2:C9,2,1)
```

சில கணினிகளில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். பிழை காட்டினால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். மூன்றாவதாக உள்ள 2 என்பது இருமுனைச் சோதனை. நான்காவதாக உள்ளதுதான் வகை: 1 என்றால் இணைகளுக்கான சோதனை, 2 என்றால் தொடர்பில்லாத இரண்டு குழுக்கள், இரண்டிலும் சிதறல் ஒரே அளவு, 3 என்றால் தொடர்பில்லாத இரண்டு குழுக்கள், சிதறல் வேறாக இருக்கலாம்.

நான் 2 என்று இட்டேன். இரண்டு பாத்தி வகை இருக்கிறது, இரண்டு நெடுவரிசை இருக்கிறது, ஆகவே இரண்டு குழு என்று நினைத்தேன். எங்கே தவறினேன் என்பது முடிவைச் சொல்லப் போயிருந்தபோது ஆறாவது தோட்டத்துக்காரர் வாயிலிருந்து வந்தது. "என்னுது மேட்டுக்காடு, அஞ்சாவது தோட்டம் வாய்க்கால் பாயற பூமி. அந்தக் கடலையையும் இந்தக் கடலையையும் ஒண்ணாப் போட்டு எப்படிக் கண்ணு பார்ப்பே? என் காட்டுக்குள்ள இந்தப் பாத்திக்கும் அந்தப் பாத்திக்கும் என்ன வித்தியாசம்னுதானே பார்க்கணும்?" என்றார். புள்ளியியல் பாடத்தில் இணைச் சோதனைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

B நெடுவரிசையைப் பாருங்கள். 2.7 முதல் 4.6 வரை பரந்திருக்கிறது. இது தோட்டத்துக்குத் தோட்டம் உள்ள வேறுபாடு. ஜிப்சத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு குழுக்களாகப் பார்க்கும்போது, சராசரி வித்தியாசமான 0.3 கிலோவை இந்தப் பெரிய சிதறலோடு ஒப்பிட நேர்கிறது. அதன் திட்டப்பிழை 0.28. எனவே 0.3 என்பது ஒன்றுமில்லாதது போலத் தெரிகிறது, பி மதிப்பு 0.30 வருகிறது. இணையாகப் பார்க்கும்போது D நெடுவரிசை மட்டுமே கணக்கில் வருகிறது. அது 0.1 முதல் 0.5 வரைதான் விரிகிறது, திட்டப்பிழை 0.06. டி மதிப்பு 5.02 ஆகிறது, பி மதிப்பு 0.0015 ஆகிறது.

உங்கள் சோதனை இணையா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. C நெடுவரிசையின் எண்களை மட்டும் வரிசை மாற்றி அடுக்கினால் தகவல் ஏதேனும் அழிகிறதா என்று கேளுங்கள். முதல் தோட்டத்தின் 3.6 ஐந்தாம் தோட்டத்துக்கு எதிரே போய்விட்டால் என் தாள் பொருளற்றதாகிவிடும்; ஆகவே அது இணை. மாறாக, எட்டுத் தோட்டத்தில் ஜிப்சம் இட்டு, வேறு எட்டுத் தோட்டத்தில் இடாமல் விட்டிருந்தால் வரிசைக்குப் பொருளே இல்லை. அப்போது 3 என்று இடுங்கள். சிதறல் இரண்டிலும் ஒன்றுதான் என்று உறுதியாகச் சொல்ல எட்டு எண்கள் போதாது என்பதால் 2 என்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

எந்தப் பாத்திக்கு ஜிப்சம் என்பதை ஒவ்வொரு தோட்டத்திலும் காசு சுண்டித் தீர்மானித்திருக்க வேண்டும். எப்போதும் வாய்க்கால் பக்கத்துப் பாத்திக்கே இட்டிருந்தால், வந்த வித்தியாசம் ஜிப்சத்தாலா தண்ணீராலா என்று எந்த வாய்ப்பாட்டாலும் பிரிக்க முடியாது.

## 4. பி மதிப்போடு நிற்காதீர்கள்

ஜிப்சத்தால் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய சராசரி வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பே 0.0015 என்பது. ஜிப்சம் பயன்படாமலிருக்கும் வாய்ப்பு 0.15 விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு கூற்று. எவ்வளவு கிடைத்தது என்பதையும் பி மதிப்பு சொல்லாது. விவசாயி கேட்பதோ அதைத்தான். அதற்கு D நெடுவரிசையின் சராசரியையும் அதன் இருபுற எல்லையையும் எடுங்கள்:

```
=AVERAGE(D2:D9)
=CONFIDENCE.T(0.05,STDEV.S(D2:D9),8)
```

முதலாவது 0.30, இரண்டாவது 0.14. அதாவது பாத்திக்கு 0.16 முதல் 0.44 கிலோ வரை கூடியிருக்கலாம். ஏக்கருக்கு மாற்றினால் சராசரியாக 61 கிலோ, எல்லைகள் 32 கிலோவும் 89 கிலோவும். ஜிப்சத்தின் விலையும் இடும் கூலியும் 32 கிலோ கடலையின் விலைக்குள் அடங்கினால் துணிந்து இடலாம்; 61 கிலோவில்தான் கட்டுப்படியாகும் என்றால் யோசிக்க வேண்டும். இந்தப் பேச்சு 0.0015 என்ற எண்ணிலிருந்து பிறக்காது.

மெனு வழியாகச் செய்ய விரும்பினால் எக்செலில் முதலில் `File > Options > Add-ins > Go` என்ற வழியில் `Analysis ToolPak` என்பதற்கு எதிரே குறியிட வேண்டும். பிறகு `Data > Data Analysis` சென்று `t-Test: Paired Two Sample for Means` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். லிப்ரே ஆபிஸில் `Data > Statistics > Paired t-test` தயாராகவே இருக்கும். வரும் அட்டவணையில் ஒருமுனை, இருமுனை என இரண்டு பி மதிப்புகள் இருக்கும். ஒருமுனை மதிப்பு பாதியாக இருப்பதால் கண் அதில்தான் போய் விழும். விதைக்கும் முன்பே ஒருமுனை என்று திட்டத்தில் எழுதியிருந்தால் தவிர, `two-tail` என்றுள்ளதையே எடுங்கள்.

இன்னொரு பொறி: எக்செலின் இந்த அட்டவணை உறைந்துபோனது. பிறகு ஒரு கலத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் `T.TEST` விடை உடனே மாறும், அட்டவணை மாறாது. நான் இரண்டையும் அருகருகே வைத்து, ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன்.

## 5. ரெக்ரஷன்: முதலில் படம், பிறகு எண்

பாடநூலில் தொடர்புப் போக்கு என்று வரும் ரெக்ரஷனை நான் வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தினேன். ஜிப்சம் இடாத பாத்திகளிலேயே ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு, செடி எண்ணிக்கை காரணமாக இருக்குமா என்பது கேள்வி. B நெடுவரிசை விளைவு, E நெடுவரிசை அதை விளக்க முயலும் அளவு. பதினாறு பாத்திகளையும் சேர்த்து ஏற்றினால் வலுக்கூடும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தோட்டமும் இரண்டு முறை எண்ணப்படும், முன்பு சொன்ன நாற்பது வரிசைப் பொறியின் தம்பி அது.

E, B இரண்டையும் வைத்து `Insert > Chart` வழியே `Scatter` படம் ஒன்று போடுங்கள். இந்தப் படியை நான் முதலில் தாண்டிப் போனதால் ஒரு நாள் வீணாயிற்று. ஏழாம் தோட்டத்தின் 21-ஐ 12 என்று தட்டியிருந்தேன். பி மதிப்பு 0.25 என்றும், `R Square` 0.21 என்றும் வந்தன. செடி எண்ணிக்கைக்கும் மகசூலுக்கும் தொடர்பில்லை போலும் என்று எழுதத் தொடங்கியும் விட்டேன். படம் போட்டபோது ஏழு புள்ளிகள் வலப்புறம் கூட்டமாகவும், ஒன்று மட்டும் இடப்புறம் தனியாகவும் நின்றன. வயல் நோட்டை எடுத்துப் பார்த்துத் திருத்திய பிறகு `R Square` 0.53 ஆகவும் பி மதிப்பு 0.04 ஆகவும் மாறின. தனித்து நிற்கும் புள்ளியை நோட்டில் சரிபார்த்துத்தான் திருத்த வேண்டும். நோட்டிலும் 12 என்றே இருந்திருந்தால் அதை நீக்க எனக்கு உரிமையில்லை.

மெனுவில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. எக்செலின் `Regression` பெட்டி முதலில் `Input Y Range` கேட்கும், லிப்ரே ஆபிஸ் முதலில் எக்ஸ் நெடுவரிசையைக் கேட்கும். ஒன்றில் பழகிவிட்டு மற்றதற்குப் போனால் தலைகீழாகிவிடும். தலைகீழானதை `R Square` காட்டிக் கொடுக்காது, பி மதிப்பும் காட்டிக் கொடுக்காது. இரண்டும் அப்படியே இருக்கும். சாய்வு மட்டும்தான் மாறும்: 0.131 வர வேண்டிய இடத்தில் 4.04 வரும். ஆகவே தனியாக இதையும் இட்டு ஒப்பிடுங்கள். மகசூல் முதலில், செடி பின்னால்:

```
=SLOPE(B2:B9,E2:E9)
=INTERCEPT(B2:B9,E2:E9)
=RSQ(B2:B9,E2:E9)
```

விடைகள் 0.131, 0.195, 0.53. கோட்டை வெட்டுப்புள்ளியின்றிச் சுழியம் வழியாகச் செலுத்தும் `Constant is Zero` என்ற கட்டத்தில் குறியிடாதீர்கள். செடியே இல்லாவிட்டால் கடலையும் இல்லை என்பது உண்மைதான், ஆனால் குறியிட்டதும் `R Square` கணக்கிடும் முறையே மாறி, முன்னதோடு ஒப்பிட முடியாத பெரிய எண் ஒன்று வந்து நிற்கும்.

## 6. கோடு எதுவரை பேசும்

சதுர மீட்டருக்கு ஒரு செடி கூடினால் பாத்திக்கு 0.131 கிலோ கூடுகிறது என்பது சாய்வின் பொருள். ஏக்கருக்கு ஏறத்தாழ 26 கிலோ. எக்செல் அட்டவணையில் `Lower 95%`, `Upper 95%` என்ற நெடுவரிசைகளைப் பார்த்தால் இந்த 0.131 என்பது 0.008 ஆகவும் இருக்கலாம், 0.254 ஆகவும் இருக்கலாம் என்று தெரியும். எட்டுத் தோட்டங்களால் இதற்கு மேல் கூர்மையாகச் சொல்ல முடியவில்லை. பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இந்த இரண்டு எண்களையும் அறிக்கையில் விட்டுவிடாதீர்கள்.

என் தோட்டங்களில் செடிகள் 21 முதல் 31 வரைதான் இருந்தன. கோடும் அந்த இடைவெளிக்குள் மட்டுமே பேசும். 45 செடி என்று இட்டால் வாய்ப்பாடு தயங்காமல் 6.1 கிலோ என்று சொல்லும். அவ்வளவு நெருக்கினால் செடிகள் ஒன்றோடொன்று போட்டியிடும் என்பது அதற்குத் தெரியாது. செடியே இல்லாத பாத்தியில் 195 கிராம் கடலை விளையும் என்று சொல்வதும் அதே கோடுதான்.

காரணம் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஜிப்சத்தை எந்தப் பாத்திக்கு இடுவது என்று காசு சுண்டித் தீர்மானித்தது நான். ஆகவே அங்கே விளைவு என்று எழுதலாம். செடி எண்ணிக்கையை நான் தீர்மானிக்கவில்லை. விதைத்தபோது ஈரம் நன்றாக இருந்த தோட்டத்தில் முளைப்பும் கூடியிருக்கும், பின்னர் காய்ப்பும் கூடியிருக்கும். ஆகவே "செடி எண்ணிக்கை கூடிய தோட்டங்களில் மகசூலும் கூடியிருந்தது" என்று எழுதினேன். "செடியைக் கூட்டினால் மகசூல் கூடும்" என்று எழுதவில்லை.

கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். பெட்டியில் `Residuals` என்பதற்குக் குறியிட்டால் வரும். செடி எண்ணிக்கை வரிசையில் பார்க்கும்போது நடுவில் எல்லாம் கூட்டலாகவும் இரண்டு ஓரங்களிலும் எல்லாம் கழித்தலாகவும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் இருந்தால் நேர்க்கோடு பொருந்தவில்லை. எனக்கு மிகப் பெரிய விலகல் ஏழாம் தோட்டத்தில், 0.55 கிலோ கூடுதல். மற்றவற்றில் கூட்டலும் கழித்தலும் கலந்தே வந்தன.

## 7. அறிக்கையில் எழுதுவதும் உடன் வைப்பதும்

முடிவை ஒரே வாக்கியத்தில் எழுத முடியும். நான் எழுதியது: "எட்டுத் தோட்டங்களில் இணைப் பாத்திகளாக ஒப்பிட்டதில், ஜிப்சம் இட்ட பாத்தியில் உலர்ந்த காய் மகசூல் சராசரியாக 0.30 கிலோ கூடியது. 95 விழுக்காடு எல்லை 0.16 முதல் 0.44 வரை, டி மதிப்பு 5.02, கட்டின்மை எண் 7, இருமுனைப் பி மதிப்பு 0.0015." இணை என்ற சொல்லும் தோட்டங்களின் எண்ணிக்கையும் இல்லாமல் பி மதிப்பை மட்டும் எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

பின்னிணைப்பாகக் கைவரைபடம், எடைத்தாளின் நகல், எட்டு வரிசை அட்டவணை ஆகிய மூன்றும் போதும். கோப்பை `.xlsx` அல்லது `.ods` ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். `.csv` ஆகச் சேமித்தால் வாய்ப்பாடுகள் மறைந்து எண்கள் மட்டும் நிற்கும், எக்செலில் மறுபடி திறக்கும்போது தமிழ், மலையாளத் தலைப்புகள் சிதைந்து தெரியவும் கூடும். வயல் நோட்டையும் விரிதாளையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்ப்பதற்கு எட்டுத் தோட்டத்துக்கு இருபது நிமிடம் ஆகும். அதை அச்சுக்குக் கொடுக்கும் முன் செய்யுங்கள். நான் ஸ்பைரல் போட்ட பிறகு செய்தேன்.